தைத்த ஜாக்கெட்டும் ரெடிமேட் சட்டையும்: ஒரு காரைக்குடிக் கணக்கு

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கண்டாங்கிச் சேலை எடுத்துக்கொண்டு வெளியே வருபவர் முன் உடனே ஒரு கேள்வி நிற்கிறது. சேலையோடு சேர்ந்து வந்திருக்கும் ஜாக்கெட் துணியைத் தைக்கக் கொடுப்பதா, நிறம் ஒத்த ரெடிமேட் ஜாக்கெட் ஒன்றை வாங்கிக்கொள்வதா என்பதே அது. கூட வந்த ஆண்களுக்கும் சட்டை விஷயத்தில் இதே யோசனை வருகிறது. "தையற்கூலி ஏறிவிட்டது, ரெடிமேடே மலிவு" என்பார் ஒருவர். "தைத்துப் போட்டால்தான் உழைக்கும்" என்பார் மற்றவர். இருவருமே ஜாக்கெட்டையும் சட்டையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். தரம் ஒத்த துணியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஜாக்கெட் தையற்கடைப் பக்கமும், பெரும்பாலானோரின் சட்டை ரெடிமேட் பக்கமும் சாய்கின்றன. ஏன் அப்படி என்பதற்கான விடை கூலிப் பட்டியலில் கிடைப்பதில்லை. உடுப்புக்கும் உடம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் விடப்படுகிறது என்பதில் அது இருக்கிறது.

இந்தத் தொழிலின் உள்விவரங்கள் எனக்குத் தெரிந்ததெல்லாம் தேவகோட்டையில் நெடுங்காலம் தையற்கடை வைத்திருந்த என் சித்தப்பாவிடம் கேட்டும் பக்கத்திலிருந்து பார்த்தும் அறிந்தவை. கீழே வரும் விலைகள், சென்ற ஆவணியில் எங்கள் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக நான் கொடுத்தவையும் கடைகளில் விசாரித்தவையும் ஆகும். தெருவுக்குத் தெரு ஐம்பது ரூபாய் கூடும், குறையும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை.

முதலில் ஜாக்கெட். அம்மாவுக்கு எடுத்தது அரக்குக் கட்டம் போட்ட பருத்திக் கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலைகள் பலவற்றில் இப்போது ஜாக்கெட் துணியும் சேர்ந்தே நெய்யப்பட்டு வருகிறது. எண்பது சென்டிமீட்டர் அளவிலான அந்தத் துண்டின் விலை சேலையின் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகவே தைப்பதானால் புதிதாகச் செலவாவது லைனிங் துணிக்கு 70 ரூபாயும் தையற்கூலி 350 ரூபாயும், ஆக 420 ரூபாய். அதே மாதிரிப் பருத்தியில், லைனிங் வைத்த ரெடிமேட் ஜாக்கெட்டுக்கு 550 ரூபாய் சொன்னார்கள். அதையும் அப்படியே போட்டுக்கொள்ள முடியாது. பக்கவாட்டில் பிடித்துத் தைக்க 50 ரூபாய் ஆகும் என்றார்கள். மேலும், ரெடிமேட் வாங்கினால் சேலையோடு வந்த துண்டும் அதன் ஓரத்துக் கரையும் வீணாகும். அந்தக் கரையைக் கையின் விளிம்பில் வைத்துத் தைப்பதற்காகத்தானே அது நெய்யப்பட்டது. துண்டை வெட்டாமல் சேலையோடு விட்டுவிட்டால் இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சொருக வேண்டியிருக்கும் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை.

துணியையும் தனியே வாங்க வேண்டியிருந்தால் இந்த இடைவெளி சுருங்கிவிடும். மீட்டர் 150 ரூபாய்த் துணியில் எண்பது சென்டிமீட்டருக்கு 120 ரூபாய் ஆகும். மொத்தம் 540 ரூபாய். ரெடிமேடோடு ஏறக்குறைய சரிக்குச் சரி. விலை சமமானாலும் நான் தைக்கவே கொடுப்பேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நெய்த துணியில், அதாவது இழுத்தால் நீளாத துணியில், ஜாக்கெட் தைக்கும்போது மார்புச் சுற்றளவோடு ஓரங்குலம், மிஞ்சினால் இரண்டங்குலம் மட்டுமே கூட்டி வைப்பார்கள். அதற்கு மேல் விட்டால் தொளதொளக்கும்; குறைத்தால் கொக்கி தெறிக்கும். சட்டையில் இந்தக் கூடுதல் நான்கு முதல் ஆறு அங்குலம் வரை இருக்கும். நாற்பது அங்குல மார்புக்காரர் போடும் சட்டையைத் தரையில் விரித்து அளந்தால் சுற்றளவு நாற்பத்து நான்குக்குக் குறையாது. ரெடிமேட் அளவுகள் இரண்டிரண்டு அங்குலமாக ஏறுகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டையில் ஓரங்குலம் முன்னே பின்னே இருந்தால் போட்டிருப்பவருக்கே தெரியாது. ஜாக்கெட்டிலோ, இருக்கும் மொத்த இடமே ஓரங்குலம்.

அதுவும் மார்புச் சுற்றளவு மட்டும் பொருந்தினால் போதுமென்றால் சமாளித்துவிடலாம். ரெடிமேட் ஜாக்கெட்டின் அட்டையில் 34, 36, 38 என்று இருப்பது அந்த ஓர் அளவு மட்டுந்தான். தோளகலம், கைக்குழியின் ஆழம், மேற்கையின் சுற்றளவு, தோளிலிருந்து டார்ட் முனை வரை உள்ள இறக்கம், முதுககலம் ஆகியவை எல்லாம் அந்த எண்ணுக்குரிய சராசரிப் பெண்ணுக்கு என்று வைத்து வெட்டப்பட்டவை. முப்பத்தாறு அங்குல மார்பும் தடித்த மேற்கையும் உள்ளவர் 36 வாங்கினால் கை ஏறாது. 38 வாங்கினால் தோள் சரியும். மார்புச் சுற்றைப் பிடித்துவிடலாம். கைக்குழியையும் தோளையும் திருத்துவதென்றால் கையைக் கழற்றி மறுபடி வைக்க வேண்டும், அதற்குப் புதிதாகத் தைப்பதில் பாதிக் கூலி கேட்பார்கள். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பிரிப்பதற்கு ஆகும் நேரம் தைப்பதற்கு ஆகும் நேரத்துக்குக் குறைந்ததல்ல.

தையற்காரர் கையில் கொடுத்தாலும் இந்த ஓரங்குலம் எளிதில் காணாமல் போகும். இதற்கு முந்தைய ஆண்டு, வேறொரு கடையில் தைத்த அம்மாவின் ஜாக்கெட் ஒன்று, முதல் நாள் கச்சிதமாக இருந்துவிட்டு முதல் சலவைக்குப் பின் உள்ளே சுருட்டிக்கொண்டு நின்றது. மேல்துணி ஏற்கெனவே நனைத்து உலர்த்தியது. லைனிங்கை அப்படிச் செய்யாமலே வைத்துத் தைத்துவிட்டார்கள். நனைக்காத பருத்தி லைனிங் நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கினால், முப்பத்தாறு அங்குலச் சுற்றில் அது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். விட்டு வைத்த இடம் முழுவதையும் அது தின்றுவிட்டது. இத்தகைய ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் லைனிங் விறைப்பாக இழுத்துக்கொண்டும், அதன்மேல் துணி சின்னச் சின்ன மடிப்புகளாகப் பொங்கிக்கொண்டும் இருக்கும். புதிதாக வாங்கும் நாளில் அது கண்ணுக்குத் தெரியாது என்பதால், ரெடிமேடில் இந்தக் குறையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தைக்கக் கொடுக்கும்போது வழி உண்டு: லைனிங்கை நாமே வாங்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிடலாம். அடர்ந்த அரக்கு நிறமென்றால் மேல்துணியையும் தனியே அலசிச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வேறுபாடு உள்தையலில் இருக்கிறது. நல்ல தையற்காரர் பக்கவாட்டுத் தையலுக்கு உள்ளே, முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஓரங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டு வைப்பார். இரண்டு விலா, ஒவ்வொன்றிலும் இரண்டு மடிப்பு, ஆக நான்கு இடத்தில் அரையங்குலம் அரையங்குலமாகப் பிரித்து விட்டால் சுற்றளவில் இரண்டங்குலம் கிடைக்கும். ஒரு ஜாக்கெட் மூன்று ஆண்டு உழைப்பதும் ஐந்தாறு ஆண்டு உழைப்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது; துணி கிழிந்து கழிந்த ஜாக்கெட்டுகளை விடப் பத்தாமல் போய்க் கழிந்தவைதான் எங்கள் வீட்டுப் பெட்டியில் அதிகம். ரெடிமேடிலும் சில தயாரிப்புகளில் இப்படி உள்தையல் விடுகிறார்கள். வாங்குமுன் உள்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அரையங்குலத்தில் வெட்டி ஓவர்லாக் போட்டிருந்தால் அது இன்றைய உடம்புக்கு மட்டுமே ஆன ஜாக்கெட்.

இவ்வளவு சொன்ன பிறகு, ரெடிமேட் ஜாக்கெட்டே மேல் என்று ஆகும் இடமும் ஒன்று இருக்கிறது. அன்றாடம் வீட்டில் உடுத்த லைனிங் இல்லாத டூ பை டூ ஜாக்கெட் தைத்தால் துணிக்கு நூறும் கூலிக்கு 180-ம் ஆகிறது. லைக்ரா கலந்த, இழுத்தால் நீளும் ரெடிமேட் ஜாக்கெட் 280 ரூபாய்க்கே கிடைக்கிறது. நீளும் துணி என்பதால் மேலே சொன்ன ஓரங்குலப் பிரச்சினை அதற்கு இல்லை. துணியே உடம்புக்கு ஏற்பப் பொருந்திக்கொள்கிறது. நாலைந்து நிறம் வாங்கி வைத்துக்கொண்டால் பல சேலைக்கும் ஆகும். ஆனால் அந்த லைக்ரா இழை சூட்டைத் தாங்காது. வெந்நீரில் துவைத்து, சிவகங்கைச் சீமை வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டு, அழுத்தி இஸ்திரியும் போட்டால் ஓராண்டில் கையும் கழுத்தும் தளர்ந்து தொங்கிவிடும். தளர்ந்ததைத் திரும்ப இறுக்க வழியில்லை. இதன் பொருட்டே அதைத் தைத்த ஜாக்கெட்டோடு தரம் ஒத்த பொருளாக நான் எண்ணுவதில்லை. அது வேறு பொருள், வேறு உபயோகம்.

இனிச் சட்டை. தையற்கடையில் ஒரு முழுக்கைச் சட்டையை வெட்டித் தைத்து, காலர் திருப்பி, காஜா எடுத்து, பட்டன் வைத்து முடிக்கப் பழகிய ஒருவருக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பது சித்தப்பாவின் கணக்கு. தொழிற்சாலையில் அதே சட்டைக்குத் தையல் நேரமாகக் கணக்கிடுவது 20 முதல் 25 நிமிடம். அங்கே ஒருவர் காலர் மட்டும் தைக்கிறார், இன்னொருவர் கஃப் மட்டும், மூன்றாமவர் பை மட்டும். துணியும் பல அடுக்காக விரிக்கப்பட்டு ஒரே வெட்டில் வெட்டப்படுகிறது. ஒரு காலத்தில் நம் ஊர்த் தையற்கடைகளிலும் இதன் சிறு வடிவம் ஒன்று இருந்தது. காஜா எடுப்பதற்கென்றே ஒரு பையன் இருப்பான்; தொழில் கற்க வந்தவன் முதலில் தொடுவது காஜாவைத்தான். இன்று அந்தப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர் சட்டைகளைச் சேர்த்து வைத்துக் காஜா மெஷின் இருக்கும் இடத்துக்கு அனுப்பி வாங்குகிறார்.

ஜாக்கெட்டிலும் தொழிற்சாலைக்கு இதே வேக வசதி உண்டு. ஆயினும் அங்கே மிச்சமாகும் பணம் பொருத்தத்தில் தோற்றுப்போகிறது. சட்டையில் நான்கைந்து அங்குலம் இடம் இருப்பதால் பொருத்தத்தில் இழப்பது சொற்பம்; வேகத்தின் மிச்சம் அப்படித் தோற்றுப்போவதில்லை. இரண்டு உடுப்புகளும் எதிரெதிர்ப் பக்கம் சாய்வதன் காரணம் இதுதான்.

எண்களில் பார்ப்போம். ஐம்பத்தெட்டு அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு ஒரு மீட்டர் அறுபது சென்டிமீட்டர் வேண்டும். அகலம் முப்பத்தாறு அங்குலமானால் இரண்டேகால் முதல் இரண்டரை மீட்டர் வரை ஆகும். மீட்டர் 420 ரூபாய்ப் பருத்தித் துணியில் 1.60 மீட்டருக்கு 672 ரூபாய். தையற்கூலி 400 ரூபாய். மொத்தம் 1,072 ரூபாய். கடையில் தொங்கும் 700 ரூபாய்ச் சட்டையை இதற்கு எதிரே நிறுத்தி, தைப்பது நட்டம் என்று சொல்வது பொருந்தாது. அந்தச் சட்டையின் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் நிழல் தெரியும். பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பும் இருக்கும். எனக்குக் கிடைத்த, துணியில் ஒத்த ரெடிமேட் சட்டையின் விலை 1,250 ரூபாய். ஆடித் தள்ளுபடியில் அதுவே ஆயிரத்துக்குக் கீழே வந்திருக்கும் என்று கடைக்காரரே சொன்னார். அதாவது தள்ளுபடி இல்லாத நாளில் தைத்தால் 178 ரூபாய் மிச்சம், தள்ளுபடி நாளில் தைத்தால் சற்று நட்டம். துணிக்கடைக்கும் தையற்கடைக்கும் மும்முறை நடப்பதையும், சொன்ன நாளில் சட்டை தயாராகாமல் போவதையும் சேர்த்துக்கொண்டால் ரெடிமேடே வசதி.

2025 செப்டம்பர் 22 முதல் வந்த வரி மாற்றமும் இதே பக்கம் எடை போட்டிருக்கிறது. அதற்கு முன் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த உடைகளுக்கு 12 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தது. இப்போது 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடுதான். முன்பு வரியோடு 1,499 ரூபாய்க்கு விற்ற சட்டை, குறைப்பு முழுவதையும் வாங்குபவருக்கே விட்டுக்கொடுத்தால், 1,405 ரூபாய் அளவில் இருக்க வேண்டும். துணியின் வரி முன்பும் 5 விழுக்காடு, இப்போதும் அதுவே. ஆண்டு வரவு இருபது லட்சத்துக்கு உட்பட்ட சிறு தையற்கடைக்குப் பதிவே தேவையில்லை என்பதால் கூலியில் வரியாகக் குறைவதற்கு ஒன்றும் இல்லை.

ரெடிமேட் சட்டையில் தரம் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டே. ஒன்று காலர். அதற்குள் இருக்கும் கேன்வாஸ் சூட்டில் ஒட்டப்பட்டது. ஒட்டு சரியில்லாவிட்டால் சில சலவைகளுக்குள் காலரின் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது அடங்காது. காலரின் நுனியை இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தால், துணியும் கேன்வாஸும் தனித்தனியாக நழுவுகின்றனவா, ஒன்றாக நிற்கின்றனவா என்பது ஓரளவு தெரியும். மற்றது விலாத் தையல். மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்தால் உள்ளே பிசிர் தெரியாது; ஓவர்லாக் மட்டும் போட்டது முதலில் கைக்குழியில்தான் விடும். பட்டன் உதிர்வதைப் பலரும் பெரிய குறையாகச் சொல்வார்கள். அது ஓர் ஊசியும் நூலும் கேட்கும் வேலை, அவ்வளவே.

யாருக்குச் சட்டையும் தைப்பதே லாபம் என்றால், என்னைப் போன்ற உடம்புக்காரர்களுக்கு. எனக்குத் தோளும் கழுத்தும் நாற்பதாம் எண்ணுக்கு உரியவை. வயிறு நாற்பத்தாறு அங்குலம். 40 வாங்கினால் தொப்பை மேல் பட்டன்களுக்கு இடையே வாய் பிளக்கும். 44 வாங்கினால் வயிற்றுக்குச் சரி, தோள்தையல் மேற்கையில் இறங்கி நிற்கும், கையும் விரல் வரை வரும். கையைக் குட்டையாக்கலாம், தோளைத் தொட முடியாது. இங்கே சட்டையின் நான்கங்குல இடம் செலவாகிவிட்டதால், கணக்கு மறுபடி ஜாக்கெட்டின் கணக்காகவே மாறிவிடுகிறது. "அண்ணே, உங்களுக்குக் கடைச் சட்டை ஆகாது, வீண் செலவு பண்ணாதீங்க" என்று தையற்காரர் சொன்னபோது வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு சட்டைகளை வாங்கி வீணாக்கிய பிறகே அவர் சொன்னதில் உள்ள நியாயம் தெரிந்தது.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இங்குள்ள பெரிய வீடுகளுக்கு உரியவர்களில் பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் சில நாள் மட்டும் ஊருக்கு வருகிறவர்கள். அளவு கொடுக்க நாள் இருக்காது. ஆகவே ஓர் அளவு ஜாக்கெட்டை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள், சிலருடையது தையற்கடை அலமாரியிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். தையற்காரர் அதை அப்படியே எடுத்துத் தைப்பார். அந்த ஜாக்கெட் துவைத்துத் துவைத்துக் கழுத்து விரிந்ததாகவோ, ஒரு முறை பிரித்துவிடப்பட்டதாகவோ இருந்தால் அந்தக் குறையும் புது ஜாக்கெட்டுக்குள் அளவாக ஏறிவிடும். எங்கள் உறவில் ஓர் ஆச்சிக்கு மூன்று பட்டு ஜாக்கெட்டுகள் இப்படி முன்கழுத்து முக்கால் அங்குலம் இறங்கி வந்தன. அவர் கடைக்காரரிடம் போய், "ஏப்பா, நான் கொடுத்த அளவுதானே இது?" என்று கேட்க, "அளவு அதுதான் ஆச்சி, அந்த ஜாக்கெட்டே இறங்கிப்போச்சு" என்றார் அவர். அன்று முதல் அந்த வீட்டில் அளவு ஜாக்கெட் என்று ஒன்றை உடுத்தாமலே தனியே வைத்திருக்கிறார்கள். அப்படி வைக்க முடியாதவர்கள் தோள், கைக்குழி, முன்கழுத்து இறக்கம் ஆகிய மூன்றையும் மட்டும் ஒரு தாளில் அங்குலத்தில் எழுதி உள்ளே வைத்து அனுப்பினாலும் போதும்.

அம்மாவின் கண்டாங்கி ஜாக்கெட்டைத் தைத்தவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: உள்தையலை வெட்டாமல் விட வேண்டும். முழுதாக ஓரங்குலம் விட்டிருக்கிறார். பின்னாளில் பிரித்து விடும்போது பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் தெரியும். பருத்தி என்பதால் ஓரிரு சலவையில் அவை மூடிக்கொள்ளும். பட்டில் அவை மூடுவதில்லை. ஆகையால் பட்டு ஜாக்கெட்டுக்கு முதல் தையலையே அரையங்குலம் தாராளமாகப் போட்டுவிட்டு, அதன் உள்ளே இன்னொரு தையலால் பிடித்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த இரண்டாம் தையலைப் பிரித்தெடுத்த பிறகு அதன் துளைகள் வெளியே வரி போலத் தெரியுமே என்று கேட்டேன். கைக்கு அடியில் விலாவோரம் வருவதால் முந்தானை மறைத்துக்கொள்ளும் என்றார்.